90 பாகையில் இல்லாத உச்சி

r = 1 + cos θ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இந்த வளைவரை எந்தக் கோணத்தில் மிக உயரமாகப் போகும்?" என்று கேட்பேன். வகுப்பு ஒரே குரலில் "தொண்ணூறு, சார்" என்னும். கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்குப் பாடம் எடுத்த காலம் முழுவதும் இந்தப் பதில் மாறியதில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தொண்ணூறு பாகை என்றால் நேர் மேலே. நேர் மேலே பார்த்தால்தானே உச்சி தெரியும்? நான் மறுத்துப் பேசுவதில்லை. வரைபடத்தாளையும் பாகைமானியையும் எடுக்கச் சொல்வேன்.

துருவ ஆயமுறையில் ஒரு புள்ளியைச் சொல்ல இரண்டு தகவல் போதும். துருவம் என்று வைத்துக்கொண்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது r. வலப்பக்கம் நீளும் அச்சிலிருந்து எவ்வளவு கோணம் திரும்ப வேண்டும் என்பது θ. மேலே எழுதிய சமன்பாடு தருவது கார்டியாய்டு என்னும் நெஞ்சுவளை. 1741-ல் காஸ்டியோன் இட்ட பெயர் அது. பெயரில் இதயம் இருந்தாலும், பக்கவாட்டில் படுத்துக்கிடக்கிற, நுனி மழுங்கிய இதயம்தான்.

முப்பது முப்பது பாகையாக r கணக்கிடச் சொல்வேன். 0-ல் 2, 30-ல் 1.866, 60-ல் 1.5, 90-ல் 1, 120-ல் 0.5, 150-ல் 0.134, 180-ல் பூச்சியம். பிறகு ஒவ்வொன்றையும் sin θ-ஆல் பெருக்கி உயரம் காணச் சொல்வேன். 30-ல் 0.933, 60-ல் 1.299, 90-ல் வெறும் 1. பெஞ்சுகளில் சலசலப்பு தொடங்கும் இடம் இதுதான். யாராவது ஒருவர் 55-க்கும் 65-க்கும் போட்டுப் பார்ப்பார். இரண்டுக்கும் 1.289 வரும். உச்சி 60-ல்தான் இருக்கிறது என்பது வகையிடாமலே தெரிந்துவிடும்.

காரணத்தை அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். கோணம் 60-லிருந்து 90-க்குப் போகும்போது திசை நேர் மேலே திரும்புகிறது என்பது உண்மை. ஆனால் அதற்குள் தூரம் 1.5-லிருந்து 1-க்குச் சுருங்கிவிடுகிறது. திசை தரும் லாபத்தைத் தூரம் தின்றுவிடுகிறது. லாபமும் நட்டமும் சரிசமமாகிற கணத்தில் புள்ளி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அங்கே வரையும் தொடுகோடு கிடைமட்டமாக இருக்கும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் அடுத்த பள்ளம் ஒன்று காத்திருக்கிறது. கார்ட்டீசியன் பழக்கத்தில் "வகைக்கெழு பூச்சியம் என்றால் தொடுகோடு கிடைமட்டம்" என்று பள்ளியிலிருந்தே மனத்தில் பதிந்திருக்கிறது. அதனால் dr/dθ-வை எடுத்துப் பூச்சியத்துக்குச் சமன்செய்துவிடுவார்கள். இங்கே dr/dθ = −sin θ. அது θ = 0-ல் பூச்சியம். "0 பாகையில் கிடைமட்டத் தொடுகோடு" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். படத்தைப் பார்த்தால் அங்கே வளைவரை வலப்பக்க விளிம்பில் நேர் மேலாக ஏறுகிறது. தொடுகோடு செங்குத்து.

dr/dθ என்பது சாய்வு அல்ல. துருவத்திலிருந்து தூரம் கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் அது சொல்லும். அது பூச்சியமானால், r பூச்சியமாக இல்லாத வரை, தொடுகோடு ஆரக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறது என்றுதான் பொருள். இதை நிறுவ r = 1 என்ற வட்டமே போதும். அதில் dr/dθ எல்லா இடத்திலும் பூச்சியம். எல்லா இடத்திலும் தொடுகோடு கிடைமட்டமா என்ன? இன்னொரு சோதனையும் வைத்திருந்தேன். கார்டியாய்டில் 90 பாகையில் dr/dθ-ன் மதிப்பு −1. அதே இடத்தில் தொடுகோட்டின் உண்மையான சாய்வு +1. குறியே மாறிப்போகிறது.

சரியான வழி நீளமானது அல்ல. கிடைமட்டம், செங்குத்து என்ற இரண்டு சொல்லும் x, y அச்சுகளைச் சார்ந்தவை. ஆகவே அந்த மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். x = r cos θ, y = r sin θ. r-க்குப் பதிலாக 1 + cos θ-வை வைத்தால் x-உம் y-உம் θ என்ற ஒரே மாறியின் சார்புகளாகிவிடும்.

x = cos θ + cos²θ
y = sin θ + sin θ cos θ

இரண்டையும் வகையிட வேண்டும். இந்த இடத்தில் மாணவர்களை நான் அவசரப்பட விடுவதில்லை. வகையிட்டதும் நிற்காமல், கடைசிவரை காரணிப்படுத்திக் காட்டச் சொல்வேன். காரணிப்படுத்தாத விடைத்தாளில் பாதி விடைகள் காணாமல்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

dx/dθ = −sin θ (1 + 2 cos θ)
dy/dθ = (2 cos θ − 1)(cos θ + 1)

இரண்டாவது வரிக்கு sin²θ-வை 1 − cos²θ என்று மாற்றி, cos θ-வில் இருபடிக் கோவையாக்க வேண்டும். அவ்வளவுதான் நுட்பம்.

புள்ளி கிடையாக நகர வேண்டுமானால் y மாறாமல் நிற்க வேண்டும், x மாறிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது dy/dθ பூச்சியம், dx/dθ பூச்சியமல்ல. செங்குத்துக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். முதல் பாதியை எல்லாரும் எழுதுவார்கள். "பூச்சியமல்ல" என்ற இரண்டாம் பாதியை எழுதுகிறவர்கள் சிலரே. இந்தப் பாடத்தின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டாம் பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

dy/dθ = 0 என்றால் cos θ = 1/2 அல்லது cos θ = −1. கோணங்கள் 60, 300, 180. dx/dθ = 0 என்றால் sin θ = 0 அல்லது cos θ = −1/2. கோணங்கள் 0, 180, 120, 240. இரண்டு பட்டியலிலும் 180 இருக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை முதலில் முடித்துவிடலாம்.

60-ல் r = 3/2, உயரம் 3√3/4, அதாவது ஏறத்தாழ 1.299. தொடுகோடு y = 3√3/4. 300-ல் அதன் நிழல்போல் y = −3√3/4. 0-ல் புள்ளி (2, 0), தொடுகோடு x = 2. 120-ல் r = 1/2, ஆகவே x = −1/4. 240-லும் x = −1/4 தான். இந்த இரண்டையும் இரண்டு தொடுகோடுகளாக எழுதுவார்கள். கோடு ஒன்றுதான்; அதே x = −1/4 வளைவரையை மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் தொட்டுப் போகிறது. "கோணத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். புள்ளியைச் சொல்லுங்கள், கோட்டின் சமன்பாட்டைச் சொல்லுங்கள்" என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு தாளில் உடனே பயன்படுகிறது. வளைவரையை நான்கு பக்கமும் ஒட்டி அடைக்கிற செவ்வகம் கிடைத்துவிட்டது. அகலம் −1/4-லிருந்து 2 வரை, 2.25. உயரம் 2.598. ஓர் அலகுக்கு 5 செ.மீ. என்று எடுத்தால் படம் 11.25 செ.மீ. அகலம், ஏறத்தாழ 13 செ.மீ. உயரம். துருவத்தை அந்தச் செவ்வகத்தின் இட விளிம்பிலிருந்து 1.25 செ.மீ. உள்ளே வைக்க வேண்டும். கணக்கிடாமல் வரைகிறவர்கள் துருவத்தைத் தாளின் நடுவில் குறித்துவிட்டு, வலப்பக்கம் இடமில்லாமல் அளவுத்திட்டத்தைச் சுருக்குவார்கள். இடப்பக்கம் பாதித் தாள் வெறுமையாகக் கிடக்கும்.

இனி அந்த 180.

θ = 180-ல் r = 0. புள்ளி துருவத்தில் இருக்கிறது. dy/dθ-உம் பூச்சியம், dx/dθ-உம் பூச்சியம். dy/dx என்பது பூச்சியத்தின் கீழ் பூச்சியம். இது "தொடுகோடு இல்லை" என்று சொல்வதாகாது. கிடைமட்டம் என்றோ செங்குத்து என்றோ சொல்வதும் ஆகாது. இந்தக் கணக்கு இங்கே வாய்மூடிவிட்டது, வேறு வழியில் பார் என்பதே அதன் பொருள்.

ஒரு பல்கலைக்கழக மதிப்பீட்டு முகாமில் இதே கணக்கு பத்து மதிப்பெண் வினாவாக வந்தது. கொடுத்திருந்த விடைக்குறிப்பில் கிடைமட்டப் பட்டியலிலும் 180 இருந்தது, செங்குத்துப் பட்டியலிலும் 180 இருந்தது. என் கட்டில் ஒரு விடைத்தாளில் ஒரு பெண் செங்குத்துப் பட்டியலிலிருந்து 180-ஐ நீக்கி, பக்கத்தில் கூர்முனையைப் பெரிதாக வரைந்து காட்டியிருந்தாள். விடைக்குறிப்பின்படி அவளுக்கு ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டும். முதன்மைத் தேர்வாளரிடம் எடுத்துப் போனேன்.

"சார், கீயில இருக்கிறபடி போடுங்க. இன்னும் எத்தனை கட்டு கிடக்கு பாருங்க."

"போடறேன் சார். ஒரே புள்ளியில ஒரே வளைவரைக்குத் தொடுகோடு படுத்தும் இருக்கு, நின்னும் இருக்குன்னு கீ சொல்லுது. எது சரின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் ஒரு வெற்றுத்தாளில் வகையீடு எதுவும் இல்லாமல் காட்டினேன். துருவத்தையும் வளைவரையில் அதற்கு அருகே உள்ள ஒரு புள்ளியையும் சேர்த்து ஒரு நாண் வரையுங்கள். அந்த நாணின் திசைக்கோணம் எது? அந்தப் புள்ளியின் θ-வே தான். துருவ ஆயமுறையில் θ என்பதற்கு வேறு பொருளே கிடையாது. 170 பாகையில் உள்ள புள்ளிக்கு நாண் 170 பாகையில் சாய்ந்திருக்கும். 179-ல் உள்ள புள்ளிக்கு 179. மறுபக்கம் 190, 181. புள்ளி துருவத்தை நெருங்க நெருங்க நாண் 180 பாகைக் கோட்டின்மேல், அதாவது கிடை அச்சின்மேல், படிந்துவிடுகிறது. நாணின் எல்லைதான் தொடுகோடு. ஆகவே துருவத்தில் தொடுகோடு கிடைமட்டம், y = 0.

"சரி, அப்ப dx/dθ ஏன் பூச்சியம் ஆகுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 120 பாகையிலிருந்து 180 நோக்கிப் போகும்போது x, −1/4-லிருந்து 0-க்கு உயர்கிறது. 180-ஐத் தாண்டியதும் மறுபடி −1/4-ஐ நோக்கிக் குறைகிறது. புள்ளி இடப்பக்கமிருந்து அச்சை ஒட்டி வந்து, துருவத்தைத் தொட்டு, ஒரு கணம் நின்று, அச்சுக்குக் கீழாக வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. திரும்புகிற இடத்தில் x-ன் வேகம் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். வேகம் பூச்சியமானதால் புள்ளி செங்குத்தாக நகர்கிறது என்று ஆகிவிடாது. அந்தக் கணத்தில் அது நகரவே இல்லை. இப்படிப் போன வழியே திரும்பும் இடத்தைத்தான் கூர்முனை என்கிறோம்.

கடைசியில் முகாமில் எப்போதும் நடப்பதுதான் நடந்தது. 180-ஐச் செங்குத்தில் எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்தும் கிடைத்தது. தவறாக எழுதியவர்களுக்கும் கிடைத்தது. அதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

நாண் வாதத்தை வகுப்பில் முதலில் சொன்னாலும், தேர்வுத்தாளில் எழுத லோபிதாள் விதியும் வேண்டும் என்பார்கள். அதுவும் எளிதுதான். தொகுதியை மறுபடி வகையிட்டால் −4 sin θ cos θ − sin θ, 180-ல் பூச்சியம். பகுதியை வகையிட்டால் −cos θ − 2 cos 2θ, 180-ல் −1. பூச்சியத்தை −1-ஆல் வகுத்தால் பூச்சியம். சாய்வு பூச்சியம், தொடுகோடு கிடைமட்டம்.

இங்கே பாடப்புத்தகங்கள் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். "வளைவரை θ₀ கோணத்தில் துருவம் வழியாகச் சென்றால், dr/dθ அங்கே பூச்சியமாக இல்லாவிட்டால், θ = θ₀ என்ற கோடே தொடுகோடு" என்று தேற்றம் கொடுப்பார்கள். அடுத்த பக்கத்தில் கார்டியாய்டை எடுத்துக்காட்டாகப் போட்டுத் தேற்றத்தைப் பயன்படுத்துவார்கள். ஆனால் கார்டியாய்டில் 180-ல் dr/dθ = −sin 180 = 0. தேற்றத்தின் நிபந்தனை அங்கே நிறைவேறவில்லை. விடை மட்டும் சரியாக வந்துவிடுகிறது, ஏனென்றால் நாண் வாதத்துக்கு அந்த நிபந்தனை தேவையில்லை. நிபந்தனையைக் கவனித்துக் கேள்வி கேட்கிற மாணவருக்கு விடை சொல்ல, ஆசிரியரிடம் நாண் வாதம் கைவசம் இருந்தாக வேண்டும்.

எங்கள் தலைமுறை இதையெல்லாம் வேறு வழியாகக் கற்றது. எஸ். நாராயணனும் டி.கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய நுண்கணிதப் புத்தகம் அன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாகப் புழங்கியது. அதில் x, y-க்கு மாறாமலே தொடுகோட்டைப் பிடிக்கும் வழி உண்டு. ஆரக்கோட்டுக்கும் தொடுகோட்டுக்கும் இடையிலுள்ள கோணம் φ என்றால், tan φ என்பது r-ஐ dr/dθ-ஆல் வகுத்தால் வருவது. தொடுகோடு கிடை அச்சோடு ஆக்கும் கோணம் θ + φ.

கார்டியாய்டில் இது அழகாக விழுகிறது. 1 + cos θ-வை −sin θ-ஆல் வகுத்து, அரைக்கோண வாய்பாடுகளைப் போட்டால் −cot(θ/2) வரும். அதாவது φ = 90° + θ/2. ஆகவே தொடுகோட்டின் திசை 90° + 3θ/2. முழு வளைவரைக்கும் ஒரே வரி. இது 180-ன் மடங்கானால் கிடைமட்டம்: θ = 60, 180, 300. 90-ன் ஒற்றைப்படை மடங்கானால் செங்குத்து: θ = 0, 120, 240. 180 செங்குத்துப் பட்டியலில் வரவே இல்லை. 90 பாகையில் திசை 225, அதன் டேஞ்சென்ட் 1. முன்னே சொன்ன +1 சாய்வு இதுதான். புள்ளி அங்கே இடப்புறமாகக் கீழிறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதை மந்திரமாக விற்கக் கூடாது. −cot(θ/2) என்று எழுதும்போது மேலும் கீழும் இருந்த cos(θ/2)-வை அடித்துவிட்டோம். 180-ல் அது பூச்சியம். பழைய பூச்சியத்தின் கீழ் பூச்சியம் அங்கேதான் ஒளிந்திருந்தது. அடித்தபோது எல்லை காணும் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டோம். அதைத் தெரிந்து அடித்தால் சரி.

கார்டியாய்டைத் தாண்டினால் இந்த அழகு குறையும். r = 1 + 2 cos θ என்று ஒரு 2-ஐச் சேர்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு வளையம் முளைக்கும். வளைவரை துருவம் வழியாக இரண்டு முறை போகிறது, 120-ல் ஒரு தரம், 240-ல் ஒரு தரம். ஒரே புள்ளியில் இரண்டு தொடுகோடுகள், சாய்வு −√3, √3. "துருவத்தில் தொடுகோடு காண்க" என்ற கேள்வியே அங்கே அரைகுறை. எந்த θ-வில் என்று சொல்லியாக வேண்டும். கிடைமட்டத் தொடுகோட்டுக்கு 4 cos²θ + cos θ − 2 = 0 வருகிறது. அதில் √33 புகுந்து, கோணங்கள் 53.6, 147.5 என்று முழுமையில்லாமல் வரும். கிடை அச்சின் மறுபுறம் அவற்றின் இணைகளும் உண்டு. 147.5-ல் r குறை எண் என்பதால் புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இல்லாமல் நான்காம் கால்பகுதியில் விழும். வினாத்தாள் தயாரிப்பவர்கள் கார்டியாய்டையே திரும்பத் திரும்பக் கேட்பது ஏன் என்று இப்போது தெரியும்.

r = θ என்ற ஆர்க்கிமிடீஸ் சுருளில் வேறு விதமான தடை. அங்கே dy/dθ = sin θ + θ cos θ. பூச்சியமாக்கினால் tan θ = −θ. இதற்குக் காரணிப்படுத்தல் உதவாது, தோராயம்தான் வழி. θ = π − tan⁻¹θ என்று எழுதி, 2-ல் தொடங்கி, வந்த விடையை மறுபடி மறுபடி வலப்பக்கம் போட்டால் 2.0344, 2.0276, 2.0290 என்று அலைந்து 2.0288 ரேடியனில் நிலைக்கிறது. ஏறத்தாழ 116 பாகை. கால்குலேட்டர் ரேடியன் முறையில் இருக்க வேண்டும். பாகை முறையில் விட்டிருந்தால் முதல் தட்டிலேயே −60-ஐ ஒட்டி ஒரு எண் வரும். அப்படி வந்தால் கணக்கை நோண்டாமல் கால்குலேட்டரைப் பாருங்கள். சுருள் தொடங்கும் θ = 0-ல் r பூச்சியம்தான், dy/dθ-உம் பூச்சியம்தான்; ஆனால் dx/dθ = 1. அங்கே எந்தச் சிக்கலும் இல்லை, தொடுகோடு கிடைமட்டம். துருவம் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து பூச்சியமாகும்போதுதான் நிற்க வேண்டும்.

வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கிற இளைய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கார்டியாய்டைக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் வினாவிலேயே "துருவத்தில் உள்ள தொடுகோட்டைத் தனியே ஆராய்க" என்று ஒரு வரி சேர்த்து, அதற்கென இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். விடைக்குறிப்பில் 180 பாகை கிடைமட்டப் பட்டியலில் மட்டும் இருக்கட்டும்.